வாட்ஸப் குரூப்பில் பங்கு விற்றால் அது தனியார் ஒதுக்கீடா?

ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. அண்ணனும் நானும் இயக்குநர்களாக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி வைத்து, சேலத்தில் கொட்டை வறுத்து அரைத்து விற்கிறோம். புது ரோஸ்டருக்கும் கடைக்கும் 60 லட்சம் தேவை. பேங்க் அடமானம் கேட்கிறது. ஆளுக்கு 50,000 வீதம் 120 பேருக்குப் பங்கு கொடுக்கலாம் என்று காலேஜ் நண்பர்கள் வாட்ஸப் குரூப்பில் ஒரு போஸ்டர் போட்டோம். குரூப்பில் 340 பேர். சிலர் ஸ்டேட்டஸிலும் வைத்தார்கள். வருஷம் 12 சதவீதம் நிச்சயம் என்று போட்டிருக்கிறோம். ஆள் சேர்த்துவிடும் நண்பருக்கு 2 சதவீதம் பேச்சு. ஜூன் 3 முதல் இதுவரை 19 பேர் 9.5 லட்சம் கொடுத்துவிட்டார்கள். நாலு பேர் ரொக்கமாக, மற்றவர்கள் ஜிபேயில். அதில் 3 லட்சம் ரோஸ்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. 200 பேரைத் தாண்டாதவரை பயமில்லை என்கிறார் எங்கள் கணக்கர். இன்னொருவர் ஜெயில் என்கிறார். எது சரி?
— இளைய இயக்குநர், ஏற்காடு

இரண்டு பேருமே ஆளுக்குப் பாதி சொல்லியிருக்கிறார்கள். 200 என்ற எண் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் உங்கள் விஷயம் எண்ணிக்கையில் தவறுவதற்கு முன்பே, போஸ்டர் குரூப்பில் விழுந்த அன்றே தவறிவிட்டது. ஜெயில் என்பது இப்போதைக்கு மிகை. ஆனால் வாங்கிய பணத்தை இப்படியே வைத்திருந்தால் சில வாரங்களில் அது மிகையாக இருக்காது. அதனால் இன்று செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்: புதிதாக ஒரு ரூபாயும் வாங்காதீர்கள், அந்த 2 சதவீதப் பேச்சை நிறுத்துங்கள், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். காரணமும் வழியும் கீழே.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றாலே, பங்கு வாங்கப் பொதுமக்களை அழைக்க மாட்டோம் என்று தன் சங்க விதிகளில் எழுதிக்கொண்டு பிறந்த கம்பெனி. வெளியாளிடம் பங்கு விற்க அதற்கு உள்ள முக்கியமான வாசல் 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 42ஆவது பிரிவு. அதைத்தான் பிரைவேட் பிளேஸ்மென்ட், தனியார் ஒதுக்கீடு என்கிறோம். இந்தப் பிரிவின் உயிர் ஒரே நிபந்தனையில் இருக்கிறது: யாரிடம் பங்கு விற்கப் போகிறோம் என்பதை இயக்குநர் குழு முன்கூட்டியே பெயர் பெயராக முடிவு செய்ய வேண்டும். பெயர் எழுதி வீட்டுக்குப் போய்க் கொடுக்கிற கல்யாணப் பத்திரிகைக்கும், பஸ் ஸ்டாண்டில் ஒட்டுகிற போஸ்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. நீங்கள் ஒட்டியது போஸ்டர். குரூப்பில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே காலேஜ் என்பதால் அது பத்திரிகை ஆகிவிடாது. அந்த 340 பேரின் பெயரை உங்கள் கம்பெனி மினிட்ஸ் புத்தகத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஸ்டேட்டஸில் போனதை யார் யார் பார்த்தார்கள் என்பது உங்களுக்கே தெரியாது. அதே பிரிவின் 7ஆவது உட்பிரிவு இன்னும் நேரடியாகப் பேசுகிறது: பொது விளம்பரம் கூடாது, பொதுமக்களுக்குத் தெரிவிக்க ஊடகம், மார்க்கெட்டிங், விநியோக வழி, ஏஜென்ட் எதையும் பயன்படுத்தக் கூடாது. போஸ்டரும் 2 சதவீத நண்பரும் நேராக இதற்குள் வந்துவிடுகிறார்கள்.

இனி அந்த 200. ஒரு நிதியாண்டில், ஒரு வகைப் பங்குக்கு, 200 பேருக்கு மேல் அழைப்பு போகக் கூடாது என்பது விதி. தகுதி பெற்ற நிறுவன முதலீட்டாளர்களும், ஊழியர் பங்குத் திட்டத்தில் வாங்கும் ஊழியர்களும் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். பலரும் தடுக்கி விழுகிற இடம், 200 என்பதைப் பணம் கட்டியவர்களின் எண்ணிக்கை என்று நினைப்பது. சட்டம் எண்ணுவது அழைக்கப்பட்டவர்களை. பணம் வந்ததா இல்லையா என்பது பொருட்டே இல்லை என்று பிரிவிலேயே விளக்கம் எழுதியிருக்கிறார்கள். 340 பேர் கண்ணில் படும்படி அழைத்துவிட்டு 19 பேர்தான் கட்டினார்கள் என்பது வாதமாக நிற்காது. எண்ணிக்கையைத் தாண்டினாலோ, பெயர் குறிக்காமல் அழைத்தாலோ, அது பொதுமக்களுக்கான வழங்கல் என்றே கருதப்படும். அப்படிக் கருதப்பட்டால் ப்ராஸ்பெக்டஸ், பங்குச் சந்தைப் பட்டியல், செபி விதிகள் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். பிரைவேட் கம்பெனியால் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது. ஆகவே அது தானாகவே சட்ட விரோத வழங்கலாகிவிடுகிறது.

இது ஏட்டில் மட்டும் இருக்கிற ஆபத்து இல்லை. சஹாரா குழுமத்தின் இரண்டு கம்பெனிகள் பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரங்களை விற்றபோது, இவர்கள் எங்கள் நண்பர்கள், கூட்டாளிகள், ஊழியர்கள், இது தனியார் ஒதுக்கீடுதான் என்றார்கள். வாங்கியவர்கள் ஏறக்குறைய 3 கோடிப் பேர், தொகை 24,000 கோடிக்கு மேல். 2012 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஏற்காமல், 15 சதவீத வட்டியோடு பணத்தைத் திருப்பச் சொன்னது. அப்போதைய பழைய சட்டத்தில் வரம்பு 50 பேருக்குள்தான். அளவு வேறு என்றாலும், தெரிந்தவர்களிடம்தான் வாங்கினோம் என்ற உங்கள் சமாதானமும் அந்த வகைதான்.

போஸ்டரைவிட எனக்குக் கவலை தருவது அதில் இருக்கிற 12 சதவீதம். பங்குக்கு நிச்சயமான வருமானம் என்று ஒன்று கிடையாது. டிவிடெண்ட் லாபத்திலிருந்துதான் கொடுக்க முடியும். அந்த வருட லாபமோ, முன் வருடங்களில் சேர்த்து வைத்த லாபமோ இல்லாவிட்டால் கொடுக்கவே கூடாது. நிச்சயம் 12 என்று எழுதிப் பணம் வாங்கினால், படிக்கிறவர் கண்ணுக்கு அது பங்கு இல்லை, டெபாசிட். விண்ணப்பப் பணம் வாங்கிய 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் டெபாசிட் விதிகளின்படி அந்தப் பணம் உண்மையிலேயே டெபாசிட் ஆகிவிடும். உங்களைப் போன்ற ஒரு பிரைவேட் கம்பெனி வெளியாரிடம் டெபாசிட் வாங்கவே கூடாது. மீறினால் 76ஏ பிரிவில் பொறுப்பான இயக்குநருக்கு 7 வருடம் வரை சிறையும், குறைந்தது 25 லட்சம் அபராதமும் உண்டு. ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் வருடச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் பணம் போடச் சொல்லித் தூண்டியவரும் மாட்டுவார். உங்கள் நண்பர் அந்த 2 சதவீதத்துக்காக எதைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது, சொல்லிவிடுங்கள். திருப்பித் தராத நிலை வந்து யாராவது ஒருவர் பொருளாதாரக் குற்றப் பிரிவில் மனு கொடுத்தால், தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும் (1997) சேர்ந்துகொள்ளும். ஜெயில் என்று சொன்னவர் இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் சொல்லியிருக்கிறார்.

முதல் பணம் ஜூன் 3இல் வந்தது. அதன் 60ஆவது நாள் ஆகஸ்ட் 2. திருப்பித் தரக் கடைசி நாள் ஆகஸ்ட் 17. ஒவ்வொருவருக்கும் அவரவர் கட்டிய தேதியிலிருந்து தனித்தனியாக எண்ண வேண்டும். 19 பேரின் பெயர், தேதி, எந்தக் கணக்கிலிருந்து வந்தது, திருப்பும் கெடு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி மேசை மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். 75 நாள் தாண்டினால், 60ஆவது நாள் முடிந்ததிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு 30 நாள் வட்டி 493 ரூபாய்தான் வரும். வட்டி சின்னதாக இருக்கிறதே என்று நாளைத் தள்ளாதீர்கள். தள்ளினால் நடப்பது மேலே சொன்ன டெபாசிட் மாற்றம்.

அவர்களுக்கே ஆகஸ்ட் 2க்குள் பங்கு ஒதுக்கி முடித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பங்குதாரர் கூட்டத்தின் சிறப்புத் தீர்மானமும் பெயர் போட்ட அழைப்புக் கடிதமும் வருவதற்கு முன்பே வந்த பணம் அது. பின்தேதியிட்டு மினிட்ஸ் எழுதினால் பிடிபடுவது சுலபம்: தீர்மானம் பதிவாளரிடம் பதிவான தேதி கம்ப்யூட்டரில் இருக்கும், பணம் வந்த தேதி பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். விதிமீறல் என்பதோடு ஆவணம் புனைந்தது என்ற குற்றமும் சேரும்.

திருப்புகிற முறையும் முக்கியம். ஜிபேயில் வந்த 7.5 லட்சத்தை, எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கே, கம்பெனிக் கணக்கிலிருந்து அனுப்புங்கள். மனைவி கணக்குக்கு அனுப்புங்கள் என்று யாராவது கேட்டாலும் கூடாது. குறிப்பில் பங்கு விண்ணப்பப் பணம் திருப்பம் என்று எழுதுங்கள். தனியார் ஒதுக்கீட்டுக்கு ரொக்கம் வாங்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த நாலு பேரின் 2 லட்சம் இன்னும் கையில் இருந்தால் கம்பெனிக் கணக்கில் கட்டி, அங்கிருந்து அவரவர் கணக்குக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டேன் என்று எழுத்தில் வாங்குங்கள். ரோஸ்டர் அட்வான்ஸாகப் போன 3 லட்சத்தை நீங்களும் அண்ணனும் சொந்தப் பணத்திலிருந்து கம்பெனிக்குக் கொடுத்துத்தான் சரிக்கட்ட வேண்டும். இயக்குநர் கொடுக்கிற பணம் டெபாசிட் கணக்கில் வராது. ஆனால் இது நான் கடன் வாங்கிக் கொடுக்கிற பணம் இல்லை என்று எழுத்தில் ஓர் உறுதிமொழி தர வேண்டும். கந்து வட்டிக்கு வாங்கிக் கட்டினால் அந்த உறுதிமொழி பொய்யாகிவிடும், அதனால் நகை, சேமிப்பு என்று எதையாவது பாருங்கள்.

குரூப்பில் போட்டதை அழிப்பதற்கு முன்னால் போஸ்டர், பதில்கள், தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மறைத்ததாகத் தோன்றக் கூடாது. பிறகு குரூப்பிலேயே நாலு வரி போடுங்கள்: பங்கு பற்றிய அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்படுகிறது, யாரும் பணம் அனுப்ப வேண்டாம், அனுப்பியவர்களுக்கு இந்தத் தேதிக்குள் திரும்ப வரும், ஸ்டேட்டஸில் வைத்தவர்கள் எடுத்துவிடுங்கள். காரணமோ, அடுத்த வாய்ப்பு பற்றிய சூசகமோ வேண்டாம். அதே வாரத்தில் இயக்குநர் குழு கூடி, அழைப்பு கைவிடப்பட்டது, பணம் திருப்பப்படுகிறது என்று தீர்மானம் எழுதுங்கள். பழைய அழைப்பு முடியாமலோ கைவிடப்படாமலோ இருக்கும்போது புது அழைப்பு விடக் கூடாது என்பதால் இந்தத் தீர்மானம் பின்னால் உங்களுக்கே தேவைப்படும்.

திருப்பிவிட்டால் நடந்த மீறல் இல்லாமல் போய்விடாது. 42ஆவது பிரிவை மீறினால், திரட்டிய தொகை அல்லது 2 கோடி, இதில் எது குறைவோ அதுவரை கம்பெனிக்கும் நிறுவனர்களுக்கும் இயக்குநர்களுக்கும் அபராதம் விதிக்கலாம். உங்களுக்கு உச்சவரம்பு 9.5 லட்சம். சிறு கம்பெனி என்ற வரையறைக்குள் நீங்கள் வந்தால் 446பி பிரிவில் இது பாதியாகும்; அதிலும் கம்பெனிக்கு 2 லட்சம், ஒவ்வோர் அதிகாரிக்கும் 1 லட்சம் என்ற மேல்வரம்பு உண்டு. சேலம் மாவட்டம் கோவைக் கம்பெனிப் பதிவாளரின் எல்லையில் வருகிறது. பணம் முழுவதும் திரும்பிய பிறகு, ஒரு கம்பெனி செக்ரட்டரியை வைத்து, நீங்களாகவே அவரிடம் தவறைச் சொல்லித் தீர்ப்பு கேட்டு விண்ணப்பிப்பதே நல்லது என்பது என் கருத்து. 340 பேர் பார்த்த ஒரு விஷயம் ரகசியமாக இருக்கும் என்று நம்பித் தொழில் நடத்த முடியாது.

சரி, 60 லட்சத்துக்கு என்ன வழி? தனியார் ஒதுக்கீடு இப்போதும் திறந்தே இருக்கிறது, 120 பேர் என்ற எண்ணத்தை விட்டால். ஆளுக்கு ஒன்றரை லட்சம் போடக்கூடிய 40 பேரைத் தேடுங்கள். சித்தப்பா, மாமன் மச்சான், உங்களுக்குக் கொட்டை கொடுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர், பல வருடமாகத் தூள் வாங்கும் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர் என்று, போஸ்டர் இல்லாவிட்டாலும் நீங்கள் நேரில் போய்க் கேட்டிருக்கக் கூடியவர்களாக இருக்க வேண்டும். போஸ்டரைப் பார்த்து வந்த முகம் தெரியாதவர்களை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் புதிய ஒதுக்கீடு பழைய போஸ்டரின் தொடர்ச்சி என்று யாரும் சொல்லலாம்.

பத்துப் பேர் சேர்ந்து ஒருவர் பெயரில் போடட்டும் என்று ஒரு யோசனை கட்டாயம் வரும். பணம் யார் பெயரில் விண்ணப்பமோ அவர் சொந்த பேங்க் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கணக்கு விவரத்தைக் கம்பெனி பதிவில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் கணக்கில் முதல் நாள் பத்து வரவு வந்து மறுநாள் மொத்தமாக உங்களுக்குப் போயிருந்தால், பின்னால் இருக்கும் பத்துப் பேர் யார் என்ற கேள்வி வரும். பினாமிச் சட்டம் வரை அது போகும்.

விலை நிர்ணயத்தில்தான் குடும்பக் கம்பெனிகள் அதிகம் ஏமாறுகின்றன. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை இல்லாமல் விலை வைக்க முடியாது. உதாரணத்துக்கு, உங்கள் இருவரிடமும் 10 ரூபாய் முகமதிப்பில் 1,00,000 பங்குகள் இருக்கின்றன, மதிப்பீட்டாளர் பங்குக்கு 125 ரூபாய் என்கிறார் என்று வைப்போம். ஒன்றரை லட்சத்துக்கு ஒருவருக்கு 1,200 பங்கு, 40 பேருக்கு 48,000 பங்கு. மொத்தம் 1,48,000 ஆகும்போது வந்தவர்கள் கையில் 32 சதவீதம் இருக்கும். சிறப்புத் தீர்மானத்துக்கு நாலில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். அவர்கள் ஒன்று சேர்ந்தால் இனி நீங்கள் கொண்டுவரும் எந்தச் சிறப்புத் தீர்மானத்தையும் தடுக்கலாம். இது சம்மதமா என்று அண்ணனும் தம்பியும் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 10 லட்சமாக மட்டும் இருந்தால், அதை முன்னதாகவே குறைந்தது 14.8 லட்சமாக உயர்த்திப் பதிவு செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் அந்தப் பங்குகளை ஒதுக்கவே முடியாது. வந்தவர்களுக்கு 12 சதவீதத்தில்தான் கண் என்றால், முன்னுரிமைப் பங்கு கொடுக்கலாம். அதில் விகிதத்தை எழுதிக்கொள்ளலாம், லாபம் இருந்தால்தான் தருவோம் என்பது மட்டும் மாறாது.

நாள் வரிசை பிசகாமல் இருக்க ஒரு மாதிரி சொல்கிறேன். செப்டம்பர் 1 அன்று இயக்குநர் குழு கூடி 40 பேரின் பெயரையும் முகவரியையும் பதிவு செய்கிறது, மதிப்பீட்டு அறிக்கையை ஏற்கிறது, பங்குதாரர் கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்புகிறது. முறைப்படி முழுதாக 21 நாள் இடைவெளி வேண்டும். பங்குதாரர்கள் வீட்டாட்களே என்றால், 95 சதவீத வாக்குரிமை உள்ளவர்களின் எழுத்துச் சம்மதத்தோடு செப்டம்பர் 5ஆம் தேதியே கூட்டம் போடலாம். அங்கே சிறப்புத் தீர்மானம். செப்டம்பர் 8 அன்று அதை MGT-14 படிவத்தில் பதிவாளரிடம் தாக்கல் செய்கிறீர்கள். இந்தத் தாக்கலுக்கு முன்னால் அழைப்புக் கடிதம் போகவே கூடாது. போஸ்டர் போட்டபோது நீங்கள் தாண்டிப்போன படி இதுதான்.

செப்டம்பர் 10 அன்று 40 பேருக்கும் PAS-4 என்ற அந்த அழைப்புக் கடிதம், ஒவ்வொன்றிலும் அவரவர் பெயரும் வரிசை எண்ணும் போட்டு. பெயர் பதிவான 30 நாளுக்குள் போக வேண்டும் என்பதால் அக்டோபர் 1க்குள் எல்லாம் போயிருக்க வேண்டும். யாருக்கு எப்போது போனது என்று PAS-5 படிவத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் அந்தக் கடிதத்தை இன்னொருவருக்குக் கைமாற்றி விட முடியாது. மச்சினன் போடுவான் என்று யாராவது சொன்னால், மச்சினன் பெயர் பட்டியலில் இல்லை என்பதே பதில். பணம் வர ஷெட்யூல்டு பேங்க் ஒன்றில் தனிக் கணக்கு. அதன் ஸ்டேட்மென்ட்டில் முதல் வரவு, கடிதத் தேதிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 12 அன்று முதல் பணம் வந்தால் ஒதுக்கீட்டுக்கு நவம்பர் 11 வரை நேரம் இருக்கிறது. அக்டோபர் 6 அன்று இயக்குநர் குழு ஒதுக்குகிறது என்று கொண்டால், அதிலிருந்து 15 நாளுக்குள், அதாவது அக்டோபர் 21க்குள், யாருக்கு எத்தனை பங்கு ஒதுக்கினோம் என்று பதிவாளருக்குச் சொல்லும் PAS-3 படிவம் தாக்கல் ஆக வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 1,000 ரூபாய் அபராதம். அதைவிடப் பெரிய விஷயம், PAS-3 தாக்கல் ஆகும் வரை அந்தத் தனிக் கணக்கிலிருந்து ஒரு பைசா எடுக்கக் கூடாது என்பது. ரோஸ்டர் வியாபாரி அவசரப்படுத்துவார், கடை ஓனர் அட்வான்ஸ் கேட்பார். முதல் தவணையை வேறு பணத்திலிருந்து கொடுக்கிற மாதிரி அவர்களிடம் தேதி பேசி வையுங்கள். பங்குச் சான்றிதழ் ஒதுக்கிய 2 மாதத்துக்குள் போக வேண்டும். சிறு கம்பெனி என்ற வரையறையைத் தாண்டியிருந்தால் காகிதச் சான்றிதழ் செல்லாது, டீமேட் வடிவில்தான் கொடுக்க வேண்டும். இதை ஆரம்பத்திலேயே செக்ரட்டரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த ஏற்பாட்டுக்கு நாள் பிடிக்கும்.

இணையத்தில் கிரவுட்ஃபண்டிங் தளங்கள் பங்கே விற்றுத் தருகின்றனவே என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். பொதுமக்களிடம் பங்கு விற்கும் கிரவுட்ஃபண்டிங்குக்கு இந்தியாவில் தனி விதிமுறை இல்லை. செபி 2014இல் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது, அது விதியாக மாறவில்லை. 2016 ஆகஸ்டில் இத்தகைய தளங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று எச்சரித்தது. பணம் போட விரும்புகிறவர் யாரும் பதிவு செய்து பார்க்கலாம் என்று கம்பெனிப் பக்கம் ஒன்று திறந்து வைத்தால், அது உங்கள் வாட்ஸப் போஸ்டரின் அழகான பதிப்பு, அவ்வளவுதான். தளத்தின் கட்டணமும் நண்பரின் 2 சதவீதமும் ஒரே ஜாதி.

ஆனால் அந்த 340 பேரையும் வீணாக்க வேண்டாம். அவர்களிடம் பங்கை விற்க முடியாது, காபித் தூளைத் தாராளமாக விற்கலாம். பொருளுக்கு முன்பணம் வாங்குவது டெபாசிட் இல்லை, வாங்கிய நாளிலிருந்து 365 நாளுக்குள் அந்தப் பணம் பொருளாகப் போய்ச் சேர்ந்தால். ஒரு வருடச் சந்தா என்று 12 பார்சல் பேசினால், முதல் பார்சலைப் பணம் வந்த மாதமே அனுப்பிவிடுங்கள். புதுக் கொட்டை வரட்டும் என்று ஜனவரிக்குத் தள்ளினால் கடைசிப் பார்சல் 365 நாளைத் தாண்டிவிடும். புதுக் கொட்டைதான் கொடுக்க வேண்டும் என்றால் பார்சல் எண்ணிக்கையைக் குறையுங்கள். விளம்பரத்தில் எத்தனை கிலோ, எந்த மாதம், என்ன விலை என்பது மட்டும் இருக்கட்டும். வேண்டாமென்றால் பணம் லாபத்தோடு திரும்பும் என்று ஒரு வரி சேர்த்தாலும், தூள் விற்பனை மறுபடியும் டெபாசிட் ஆகிவிடும். இந்தச் சந்தாவில் 60 லட்சம் வராது. ஆனால் எவ்வளவு தூளுக்கு ஆள் இருக்கிறது என்று எழுத்தில் இருக்கிற அந்தப் பட்டியலை, கடன் கேட்டுப் போகும்போது பேங்க் மேனேஜர் முன்னால் எடுத்து வைக்கலாம்.